‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தால்: முதற்பாடம் பிழைத்த பிறகு எழுதும் கடிதத்தைத் திருத்துவது

கொழும்பில் தமிழ் மொழிமூலம் கணிதம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் எங்கள் பாடசாலைக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு ஆசிரிய மாணவர்கள் வருவார்கள். அவர்களுடைய விரிவுரையாளர் ஒருநாள் வந்து, கடைசி வாங்கில் இருந்து, 40 நிமிடப் பாடவேளையைப் பார்த்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு போவார். காலி வீதி வாகன நெரிசலில் அடுத்த பாடசாலைக்கு ஓடவேண்டிய மனிதர் அவர். பாடம் முடிந்தபின் தாழ்வாரத்தில் கிடைப்பது ஐந்து நிமிடம். முதற்பாடம் பிழைத்துப்போன பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடத்தில் வாயே திறக்காது. அதனால்தான் பிறகு கடிதம் எழுதுகிறார்கள்.

அந்தக் கடிதங்களுக்கு வரும் பதில்களைப் பலமுறை வாசித்திருக்கிறேன். பயன்படாத பதில் வந்தால் பெரும்பாலும் பிழை கடிதத்தில்தான் இருக்கும். போன தவணை வந்த ஒரு பிள்ளையின் கடிதத்தையே இங்கே வைத்துக்கொள்கிறேன். அவர் சம்மதத்தோடுதான். எந்த மாதிரிப் பதில் வந்தது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிப் போய்க் கடிதத்தில் எந்த இடம் பழுது என்று தேடலாம்.

அவர் முதலில் அனுப்பியது இது:

“மதிப்பிற்குரிய மெடம், இன்று எனது முதற்பாடம் மிகவும் மோசமாகப் போய்விட்டது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எவ்வளவோ ஆயத்தம் செய்தும் வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். எனக்கு இந்தத் தொழில் சரிவருமா என்றே பயமாக இருக்கிறது. பாடத்தைப் பற்றிய உங்கள் வெளிப்படையான கருத்தைத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

வந்த பதில்: “கவலைப்பட வேண்டாம். முதற்பாடம் எல்லோருக்கும் இப்படித்தான். போகப் போகச் சரியாகிவிடும். வகுப்பறை முகாமைத்துவத்தில் சற்றுக் கவனம் செலுத்தவும்.”

பிள்ளை அதை என்னிடம் காட்டி, “மிஸ், நான் உண்மையைத்தானே கேட்டனான்?” என்றார். இந்தப் பதிலில் இரண்டு அறிகுறிகள் சேர்ந்தே கிடக்கின்றன.

அறிகுறி: பதிலில் ஆறுதல் மட்டும்தான் இருக்கிறது

கடிதத்தை எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருவர் கண்ணால் கண்டோ காதால் கேட்டோ இருக்கக்கூடிய வசனங்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். மேலுள்ள கடிதத்தில் ஆறு வசனங்கள். கோடு விழுவது ஒன்றே ஒன்றுக்கு: “பிள்ளைகள் சத்தம் போட்டார்கள்.” மற்றதெல்லாம் மன்னிப்பு, பயம், தீர்ப்பு, வேண்டுகோள்.

பயந்துபோயிருக்கும் ஒருவருடைய கடிதத்தை வாசிப்பவர் முதலில் பயத்துக்குத்தான் மருந்து தருவார். அது மனித சுபாவம். இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு ஆலோசனை சொல்லும் அதே ஆள்தான் கற்பித்தல் பயிற்சிக்குப் புள்ளியும் போடுகிறார். “தொழில் சரிவருமா” என்று கேட்கும் மாணவருக்குக் கடுமையாக ஒரு வரி எழுத்தில் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவரும் யோசிப்பார். பூசி மெழுகுவது அவருக்குப் பாதுகாப்பு.

ஹாட்டி, டிம்பர்லி என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 2007இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது, செய்த வேலையைப் பற்றிச் சொல்வதையும் ஆளைப் பற்றிச் சொல்வதையும் பிரித்துக் காட்டினார்கள். “நீ கெட்டிக்காரி, கவலைப்படாதே” என்ற வகைதான் கற்றலுக்கு ஆகக் குறைந்த பயன் தருவது. இங்கே நடந்தது என்ன? கடிதம் ஆளைப் பற்றிக் கேட்டது, பதிலும் ஆளைப் பற்றியே வந்தது.

திருத்தம் கஷ்டமில்லை. மன்னிப்பை முழுதாக வெட்டுங்கள். விரிவுரையாளருக்கு நீங்கள் ஒரு அநியாயமும் செய்யவில்லை. பயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் கடைசியில் ஒரு வசனம் போதும். அது பொய் இல்லைதானே, இருக்கட்டும். ஆனால் முதல் வரியில் வைக்காதீர்கள்.

அறிகுறி: பதில் வேறொரு வருத்தத்துக்கு மருந்து தருகிறது

“வகுப்பறை முகாமைத்துவத்தில் கவனம் செலுத்தவும்.” இது எங்கிருந்து வந்தது? பிள்ளையின் கடிதத்திலிருந்தே வந்தது. “வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை” என்று நோயின் பெயரை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். நாலைந்து பாடசாலைகளில் பாடம் பார்த்துவிட்டு இரவில் கடிதம் வாசிப்பவர் அந்தப் பெயருக்கே மருந்து எழுதுவார்.

இந்த அறிகுறிக்கு ஒரேயொரு வைத்தியம்தான் எனக்குத் தெரியும். கடிதத்துக்கு முதல் நிமிடக்குறிப்பு எழுத வேண்டும். இடைவேளையில் அந்தப் பிள்ளையை ஆசிரியர் அறையில் இருத்தி, பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். “நல்லது, கெட்டது ஒன்றும் எழுதாத பிள்ளை. எத்தனையாம் நிமிடம், நீ என்ன செய்தாய், அவங்க என்ன சொன்னாங்க. அவ்வளவும்தான்.” நேரம் துல்லியமாக ஞாபகம் இருக்காது. ‘சுமார்’ என்று போட்டால் போதும், ஒழுங்கு மாறாமல் இருந்தால் சரி. இவர் பதில் வந்த பிறகுதான் எழுதினார், நீங்கள் பாடம் நடந்த அன்றைக்கே எழுதிவிட வேண்டும். அடுத்தநாள் எழுதினால் ஞாபகம் கதை கட்டத் தொடங்கிவிடும்.

பாடம் தரம் 7, பின்னங்களைக் கூட்டல். குறிப்பு இப்படி வந்தது:

சுமார் 6ஆம் நிமிடம் வரை சமவலுப் பின்னம் மீட்டல். வகுப்பு அமைதி.
7: பலகையில் இரண்டு வட்டம் கீறினேன். ஒன்றை 2 ஆகவும் மற்றதை 3 ஆகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை நிழற்றினேன். இடையில் கூட்டல் அடையாளம்.
11: “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டேன். இரண்டாம் வரிசைப் பையன் 2/5 என்றான். “பிழை, வேற யார்?” என்றேன். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.
12: பொதுப் பகுதி 6 என்று நானே எழுதி, 3/6 + 2/6 = 5/6 என்று முடித்தேன்.
15: “விளங்கிச்சா?” “ஓம் மிஸ்.”
16: ஐந்து கணக்குக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் சத்தம் தொடங்கியது.
22: அழிப்பானால் மேசையில் தட்டினேன்.
25க்குப் பிறகு: சுற்றிவந்து ஏழு கொப்பிகள் பார்த்தேன். நாலில் 1/4 + 1/2 = 2/6 என்று இருந்தது.

எழுதி முடித்துவிட்டு அவரே கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் 16இல் வந்தது. 2/5 வந்தது 11இல். செய்யத் தெரியாத கணக்கைக் கையில் கொடுத்த பிறகுதான் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சத்தம் காய்ச்சல் மட்டும்தான், அதற்குப் பனடோல் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இனி ‘கட்டுப்படுத்த முடியவில்லை’ என்ற வசனத்துக்குக் கடிதத்தில் இடமில்லை.

குறிப்பு எழுதும்போது ஒரு சறுக்கல் வரும், கவனியுங்கள். இந்தப் பிள்ளையும் முதலில் “11: பிள்ளைகளுக்குச் சமவலுப் பின்னம் சரியாகத் தெரியாததால் 2/5 என்றார்கள்” என்றுதான் எழுதினார். ‘தெரியாததால்’ என்பது கண்ணால் கண்டதல்ல, ஊகம். அதோடு பழியையும் வகுப்பின் தலையில் கட்டுகிறது. இந்தச் சொல்லைக் கண்டால் அனுபவமுள்ள விரிவுரையாளர் “முன்னறிவைச் சோதித்துவிட்டுத் தொடங்கவும்” என்று எழுதி அனுப்பிவிடுவார். மறுபடி தப்பான மருந்து. ‘ஆல்’, ‘ஆகையால்’, ‘காரணமாக’ எல்லாவற்றையும் குறிப்பிலிருந்து வெட்டினோம்.

அறிகுறி: பதில் சரிதான், ஆனால் நாளைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது

“மாணவர் மையமாகக் கற்பிக்க முயலவும்.” “கற்றல் சாதனங்களைக் கூடுதலாகப் பயன்படுத்தவும்.” இப்படிப் பதில் வாங்கியவர்கள் வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் வருவார்கள். கேள்வியைப் பார்த்தால் “உங்கள் வெளிப்படையான கருத்து” என்று இருக்கும். அவ்வளவு அகலமாகக் கேட்டால் பதிலும் அகலமாகத்தான் வரும்.

கேள்வி ஒரு நிமிடத்தில் போய்க் குத்தி நிற்க வேண்டும். அந்தப் பிள்ளை முதலில் எழுதிய கேள்வி: “2/5 என்று சொன்னபோது ‘பிழை’ என்றது தவறா?” ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி. பெரும்பாலும் “அப்படியொன்றும் இல்லை” என்று வரும். மாற்றியது: “11ஆம் நிமிடத்தில் 2/5 என்ற விடை வந்தபோது, ‘பிழை’ என்பதற்குப் பதிலாக நான் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைச் சொல்வீர்களா?” இதற்குக் கேள்வி ஒன்றை எழுதித்தான் பதில் சொல்லலாம், ஆறுதல் சொல்லித் தப்ப முடியாது.

இப்படி ஒன்று, கூடிப்போனால் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் எல்லாவற்றுக்கும் அரைகுறையாக வரும்.

ஆனால் குத்தி நிற்கும் கேள்வி மட்டுமே வைத்தாலும் ஆபத்து. உங்களுக்குத் தெரிந்த பிழையைப் பற்றி மட்டும்தான் பதில் வரும், தெரியாதது தெரியாமலே போய்விடும். கடைசியில் ஒரு கதவைத் திறந்து விடுங்கள்: “நான் இங்கே எழுதாமல் விட்ட, ஆனால் நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்.” ‘ஏதாவது இருந்தால்’ என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒன்றும் இருக்காது.

அறிகுறி: பதிலே வரவில்லை

இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் நாலு நிமிடக் குரற்பதிவு அனுப்பியிருப்பீர்கள். அல்லது மூன்று பக்கம் எழுதியிருப்பீர்கள். மின்னஞ்சலோ தாளோ ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். திகதி, தரம், பாடவேளை, அலகு ஆகியவை முதல் வரியிலேயே இருக்கட்டும். அவர் அந்தக் கிழமை பார்த்த பாடங்களுக்குள் உங்களுடையதை அதை வைத்துத்தான் பிடிப்பார். அடுத்த பாடம் எப்போது என்றும் சொல்லுங்கள். குறிப்பை அன்றே எழுதி, கடிதத்தை அடுத்தநாள் அனுப்புவது நல்லது. அதற்கு மேல் தள்ளினால் அவருக்கும் பாடம் மறந்துவிடும்.

அறிகுறி: கடிதம் எழுதியாகிவிட்டது, அனுப்பக் கை வரவில்லை

“இதையெல்லாம் எழுதிக் கொடுத்தா மார்க்ஸ் குறையாதா மிஸ்?” இந்தக் கேள்வியைச் சும்மா தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. குறையவே குறையாது என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள். 2/5 என்று மூன்று பேர் சொன்னதை அவர் கடைசி வாங்கில் இருந்து கேட்டார். மேசையில் தட்டியதையும் கேட்டார். படிவமும் அன்றைக்கே நிரம்பிவிட்டது. அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்று கொப்பிகளில் இருந்தது. ஏழில் நாலு கொப்பி பிழை என்பதை நீங்களாகச் சொல்கிறீர்கள். தன் பாடத்தின் விளைவைத் தானே போய்ப் பார்த்த ஆள் என்பதும் அதே வரியில் தெரிகிறது.

விரிவுரையாளர் அந்தப் பாடத்தைப் பார்க்கவே வரவில்லை என்றால் இந்தக் கடிதம் பாதிதான் வேலை செய்யும். நிமிடக்குறிப்பு இருந்தாலும் நீங்கள் காணாததைக் காண இன்னொரு கண் இல்லை. அப்போது பாடசாலையில் உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரை அடுத்த பாடத்துக்குக் கூப்பிட்டு இருத்திவிட்டு எழுதுங்கள்.

திருத்திய கடிதம்

“மதிப்பிற்குரிய மெடம்,

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் தரம் 7இல் நான் செய்த பின்னங்களைக் கூட்டல் பாடத்தை நீங்கள் பார்த்தீர்கள். பாடம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. பிறகு எழுதிய நிமிடக்குறிப்பையும் பலகையில் கீறிய படத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

11ஆம் நிமிடத்தில் மூன்று மாணவர் 1/2 + 1/3 = 2/5 என்றார்கள். நான் ‘பிழை’ என்று சொல்லிவிட்டு முறையை நானே எழுதினேன். பிறகு பார்த்த ஏழு கொப்பிகளில் நாலில் அதே வகைப் பிழை இருந்தது. சத்தம் தொடங்கியது கணக்குக் கொடுத்த பிறகு, 16ஆம் நிமிடத்தில்.

2/5 வந்த இடத்தில் நான் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைச் சொல்வீர்களா? நான் எழுதாமல் விட்ட, ஆனால் நீங்கள் கண்ட ஒன்றையும் சொல்லுங்கள்.

இதே வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மறுபடி இதே பாடத்தை எடுக்கிறேன். மனம் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதையே விரும்புகிறேன்.”

வந்த பதில்

அதே விரிவுரையாளர்தான். இந்தமுறை அரைப் பக்கம் எழுதியிருந்தார். “உங்கள் படத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு வட்டத்திலும் சேர்த்து 5 துண்டு. நிழற்றியது 2. பிள்ளைகள் படத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். படம்தான் பிழை.”

எனக்கே உறைத்தது. வருடக்கணக்காக நானும் அந்த இரண்டு வட்டத்தைத்தான் கீறிவந்திருக்கிறேன். முழுமை இரண்டாகிவிட்டால் பிள்ளை இரண்டையும் ஒன்றாகக் குவித்து எண்ணும். அரைப் பாணும் மூன்றிலொரு பங்கு பாணும் ஒரே பாணிலிருந்து வெட்டப்பட வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்வதேயில்லை. முதற்கடிதத்தில் இந்தப் படமே இல்லை. படம் இல்லாமல் இந்தப் பதிலுக்கு வழியும் இல்லை.

கேட்ட கேள்விக்கு அவர் எழுதியது: “2/5 பெரிதா 1/2 பெரிதா என்று கேளுங்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்தது எப்படி என்று பையனே தலையைச் சொறிவான்.”

திறந்து வைத்த கதவால் வந்தது இது: “‘விளங்கிச்சா’ என்று கேட்டீர்கள். ‘ஓம்’ வந்தது. ஒருவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, காத்திருக்கவும் இல்லை.” இது நிமிடக்குறிப்பிலேயே 15க்கு நேரே கிடந்தது, எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று செக்கனாவது பொறுத்தால் விடைகள் நீளுகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் திறக்கிறார்கள் என்றும் கண்டார். கேட்கச் சின்ன விஷயம். நாற்பது பேருக்கு முன்னால் நின்று மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் பின்வாங்கில் இருந்தேன். பிள்ளை வட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு செவ்வகம் கீறினார். நெடுக்கே இரண்டு, குறுக்கே மூன்று, மொத்தம் ஆறு கட்டம். அரைக்கு மூன்று கட்டம் நீல வெண்கட்டி, மூன்றிலொன்றுக்கு மிச்சத்தில் இரண்டு கட்டம் சிவப்பு. 5/6 பலகையிலேயே தெரிந்தது. இரண்டாம் வரிசைப் பையன் இந்தமுறையும் 2/5 என்றுதான் தொடங்கினான். “அரையைவிடப் பெருசா மகன் சின்னதா?” என்று கேட்டுவிட்டு இவர் சும்மா நின்றார். அவன் பலகையைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான், “சின்னது மிஸ்... அப்ப பிழை” என்றான்.

27ஆம் நிமிடத்தில் 3/4 + 1/2 வந்தது. இவர் நாலு கட்டச் செவ்வகம் கீறி, மூன்று கட்டத்தை நீலமாக்கிவிட்டு, சிவப்பு வெண்கட்டியோடு நின்றுவிட்டார். சிவப்புக்கு இரண்டு கட்டம் வேண்டும், மிச்சம் இருந்தது ஒன்றுதான். “கட்டம் காணாது மிஸ்” என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, பாடக்குறிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். முதலில் போட்ட எண் 27.